ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்

ஒரு கோப்புறையை நகலெடுக்கிறோம். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்புறை இருக்கிற இடத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறோம். என்ன ஆகும்? விண்டோஸில் பழகியவரைக் கேட்டால், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பார். மேக்கில் பழகியவர், பழையது போய்விடும், புதியது மட்டும் நிற்கும் என்பார். லினக்ஸில் கட்டளை அடித்து வேலை செய்பவரோ, கட்டளையை எப்படி அடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார். மூவர் சொல்வதும் உண்மை. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்தான் இதில் அடிபடுகிறார். கை பழைய பழக்கத்தில் ஒரே வேலையைச் செய்கிறது, கணினி அதற்கு வேறு பொருள் கொள்கிறது.

இதைப் பொதுவாகப் பேசினால் தெளிவு வராது. ஒரு கோப்புறையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியிலும் அதற்கு என்ன நேர்கிறது என்று பார்க்கலாம். ஒரு சிற்றிதழ் பொங்கல் மலர் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பாளரின் மடிக்கணினியில் `malar` என்று ஒரு கோப்புறை. அலுவலகத்தின் வெளி வன்தட்டிலும் அதே பெயரில் ஒன்று. மடிக்கணினியில் இருப்பவை மூன்று: நேற்று மாற்றி வரைந்த அட்டைப்படம், போன வாரத்துத் தலையங்கம், புதிதாக வந்த ஒரு சிறுகதை. வன்தட்டில் இருப்பவையும் மூன்று: பழைய அட்டைப்படம், ஆசிரியர் இன்று காலை வன்தட்டிலேயே திறந்து திருத்திய தலையங்கம், வேறெங்கும் பிரதி இல்லாத ஒரு விளம்பரம். இப்போது மடிக்கணினியின் `malar` வன்தட்டுக்குப் போக வேண்டும்.

நமக்கு வேண்டிய முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. புதிய அட்டை, இன்றைய தலையங்கம், சிறுகதை, விளம்பரம் ஆகிய நான்கும் வன்தட்டில் இருக்க வேண்டும். ஆனால் நாம் எதையும் தேர்ந்து சொல்லாமல் விட்டால், எந்தக் கணினியும் தானாக இந்த முடிவைத் தராது.

முதலில் விண்டோஸ். அங்கே கோப்புறைகள் கலக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதற்கு ஒரு சாளரம் எழும். அதன் தலைப்பு `Confirm Folder Replace`. தலைப்பைப் படித்தால் பழைய கோப்புறையையே தூக்கி எறிந்துவிடும் போலத் தோன்றும். உள்ளே உள்ள வாசகத்தை நிதானமாகப் படித்தவர்களுக்குத்தான், ஒரே பெயருள்ள கோப்புகள் மட்டுமே மாறும் என்பது புரியும். விண்டோஸ் 7-இல் வாசகத்தில் `merge` என்ற சொல் வந்துவிட்டது. தலைப்பு மட்டும் பழையபடியே இருந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 இந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. இன்று விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கோப்புறைகள் கேட்காமலேயே கலக்கின்றன. கேட்க வேண்டுமென்றால் கோப்புறை அமைப்புகளில் `Hide folder merge conflicts` என்பதன் குறியை நாமே எடுத்துவிட வேண்டும். அதை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு கோப்புறைகளிலும் ஒரே பெயரில் ஒரு கோப்புகூட இல்லாவிட்டால், எந்தச் சாளரமும் எழாமல் இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றாகிவிடும். அதன் பிறகு எது எதிலிருந்து வந்தது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு.

நம் எடுத்துக்காட்டில் அட்டையும் தலையங்கமும் மோதுகின்றன. எனவே மூன்று வழிகளைக் காட்டும் சாளரம் வரும். இருப்பதை மாற்றலாம், மோதுகிறவற்றை விட்டுவிடலாம், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவுசெய்யலாம். முதல் வழியில் போனால் புதிய அட்டை வந்து சேரும், ஆனால் இன்று காலைத் திருத்தம் போன வாரத்துத் தலையங்கத்துக்கு அடியில் அழிந்துபோகும். இரண்டாவது வழியில் தலையங்கம் தப்பும், பழைய அட்டையே அச்சுக்குப் போகும். மூன்றாவது வழிதான் நமக்கு வேண்டியது. இரண்டு பக்கக் கோப்புகளும் தேதியோடும் அளவோடும் அருகருகே நிற்கும், வேண்டியதில் குறியிடலாம். இரண்டிலும் குறியிட்டால் இரண்டும் நிற்கும், புதிதாக வருவதன் பெயரோடு ஓர் எண் சேரும். இந்தச் சாளரத்தில் பெரும்பாலோரின் கை முதல் வரிக்கே போகிறது. `Replace` என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்ததும் அழுத்திவிடுகிறார்கள். இப்படி மேலெழுதப்பட்ட கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குப் போவதில்லை. தொட்டிக்குப் போவது நாம் நீக்கிய கோப்புதான்.

விளம்பரத்துக்கு இதில் ஆபத்து எதுவும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றில் எந்த வழியில் போனாலும் அது வன்தட்டில் அப்படியே இருக்கும். கலத்தலின் இயல்பு இது. வரும் பக்கத்தில் இல்லாத எதையும் அது தொடாது. இந்த நல்ல குணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது மேக். அதே `malar` கோப்புறையை ஃபைண்டரில் வன்தட்டுக்கு இழுத்துவிட்டால், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று கேட்கும். `Replace` என்று சொன்னால், சொன்னதை அப்படியே செய்யும். வன்தட்டிலிருந்த கோப்புறை முழுவதும் போய், மடிக்கணினியிலிருந்தது அந்த இடத்தில் வந்து உட்காரும். ஆசிரியர் திருத்திய தலையங்கம் போயிற்று. யாரும் தொடவே தொடாத விளம்பரமும் போயிற்று. விண்டோஸிலிருந்து வந்தவர்கள் அதிர்ச்சியடைவது இந்த இடத்தில்தான். அந்தச் சொல்லைக் கோப்புகளைப் பற்றியது என்று அவர்கள் படித்தார்கள், மேக் அதைக் கோப்புறையைப் பற்றிக் கேட்டிருந்தது. போனதைக் குப்பைத் தொட்டியில் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்றும் நம்பியிருக்கக் கூடாது. நம்பத் தகுந்தது டைம் மெஷின் போன்ற காப்புநகல்தான். அந்த வெளி வன்தட்டுக்கு அப்படி ஒரு காப்புநகல் யாராவது வைத்திருந்தால்தான் அதுவும் உண்டு.

மேக்கிலும் கலக்க வழி இருக்கிறது. 2011-இல் வந்த லயன் பதிப்பிலிருந்து, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு இழுத்துவிட்டால் `Merge` என்ற பொத்தானும் தோன்றும். ஆனால் எப்போதும் தோன்றாது. ஒரு கோப்புறையில் இருக்கும் ஏதாவது மற்றதில் இல்லாமல் இருந்தால்தான் அது வரும். ஒரே பெயரில் வெவ்வேறு வடிவங்களாக உள்ள கோப்புகள் இருந்தால், நிறுத்தவா மாற்றவா என்ற இரண்டே வாய்ப்புகள் என்று ஆப்பிளின் பயனர் கையேடே சொல்கிறது. நம் கோப்புறையில் அட்டையும் தலையங்கமும் இப்படித்தான் மோதுகின்றன. அதாவது உண்மையிலேயே உதவி தேவைப்படும் இடத்தில் ஃபைண்டர் கையை விரித்துவிடுகிறது. மோதல் இருக்கிற கோப்புறைகளை மேக்கில் கலக்க வேண்டும் என்றால் முனையத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே `ditto` என்ற கட்டளை கலக்கும், மோதுகிறவற்றின் மேல் கேட்காமல் எழுதிவிடும்.

லினக்ஸின் வரைகலைக் கோப்பு மேலாளர்கள் இந்த விஷயத்தில் விண்டோஸ் பக்கம் நிற்கிறார்கள், கொஞ்சம் கூடுதல் நாகரிகத்தோடு. குநோம் மேசைச்சூழல் முதலில் கோப்புறையைக் கலக்கவா என்று கேட்கும், பிறகு மோதும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்கும். கேடீஈ-யின் டால்ஃபின் அந்தப் பொத்தானுக்கு `Write Into` என்று பெயர் வைத்திருக்கிறது. இருக்கும் கோப்புறைக்கு உள்ளே எழுதுகிறோம், அதை அகற்றவில்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவதால், இந்தப் பெயர்தான் எல்லாவற்றிலும் நேர்மையானது என்று நினைக்கிறேன்.

கட்டளை வரியில்தான் குழப்பம் மிகுதி. கீழே உள்ள இரண்டு வரிகளும் பார்வைக்கு ஒன்றையே சொல்கின்றன.

```
cp -r malar /mnt/usb/
cp -r malar /mnt/usb/malar
```

வன்தட்டில் `malar` இல்லாதபோது இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். இருக்கும்போது பாதை பிரிகிறது. முதல் வரி கலக்கும். அட்டை, தலையங்கம் இரண்டின் மேலும் ஒரு சொல்கூடக் கேட்காமல் எழுதிவிடும். இரண்டாவது வரி, வன்தட்டின் `malar` கோப்புறைக்குள்ளே இன்னொரு `malar` உண்டாக்கி அதில் கொண்டுபோய் வைக்கும். `cp`யின் விதி இதுதான்: இலக்காகச் சொன்ன பெயரில் கோப்புறை இருந்தால் அதற்குள் வை, இல்லையென்றால் அந்தப் பெயரிலேயே உண்டாக்கு. ஒரே கட்டளை முதல் தடவை ஒன்றையும் அடுத்த தடவை வேறொன்றையும் செய்யும் என்பதே இதன் பொருள். இரவுதோறும் தானாக ஓடும் காப்புநகல் நிரலில் இரண்டாவது வரி இருந்தால், முதல் நாள் நகல் சரியாக விழும். மறுநாளிலிருந்து புதிய கோப்புகள் எல்லாம் உள்ளே இருக்கும் `malar/malar`இல் சேரும், வெளியே இருப்பது முதல் நாளோடு உறைந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மீட்டெடுக்க வேண்டிய நாளில் வெளிக் கோப்புறையைத் திறந்து, எல்லாம் பழையதாக இருக்கிறதே என்று திகைப்பார்கள். பவர்ஷெல்லின் `Copy-Item` கட்டளைக்கும் `-Recurse` சேர்க்கும்போது இதே குணம் உண்டு.

லினக்ஸில் இதற்குத் தீர்வு `-T`. இலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொன்ன பெயரையே இறுதிப் பெயராக எடுத்துக்கொள் என்பது அதன் கட்டளை.

```
cp -rT malar /mnt/usb/malar
```

மேக்கின் `cp`யில் இந்த வழியை நம்ப முடியாது. அங்கே இன்னொரு வேற்றுமையும் ஒளிந்திருக்கிறது. மூலத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இட்டு `malar/` என்று எழுதினால், மேக்கின் `cp` அந்தக் கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துப் போகும். லினக்ஸின் `cp` அந்தச் சாய்கோட்டைப் பொருட்படுத்தாது. டேப் விசையை அழுத்திப் பெயரை நிரப்பும்போது சாய்கோடு தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு கணினியில் எழுதிச் சரியாக ஓடிய நிரல் மற்றதில் வேறு முடிவைத் தருவதற்கு அந்த ஒரு எழுத்தே போதும்.

நகலெடுக்காமல் நகர்த்தினால்? யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் `mv` கட்டளை, இலக்கில் அதே பெயருள்ள கோப்புறை வெறுமையாக இல்லாவிட்டால் `Directory not empty` என்று சொல்லி நின்றுவிடும். காரணம் எளியது. ஒரே தட்டுக்குள் நகர்த்துவது என்றால் கோப்புகளைத் தூக்கிச் செல்வதல்ல, பெயர்ப் பதிவை மட்டும் மாற்றுவது. பல ஜிகாபைட் கோப்புறையும் கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாறுவது அதனால்தான். 1983-இல் 4.2 பிஎஸ்டியில் வந்த `rename` என்னும் அழைப்பு இதைச் செய்கிறது. உள்ளே ஏதாவது இருக்கிற கோப்புறையின் இடத்தில் இன்னொன்றை வைக்க அது மறுக்க வேண்டும் என்பது பாசிக்ஸ் தரம். கலக்க வேண்டும் என்றால் உள்ளே போய் ஒவ்வொரு கோப்பாக முடிவெடுக்க வேண்டும், அது ஒற்றை அழைப்பில் முடிகிற வேலை அல்ல. விண்டோஸிலும் குநோமிலும் கலத்தல் நடப்பது கோப்பு மேலாளர் என்ற நிரல் அப்படி உள்ளே போய்ப் பார்ப்பதால்தான். இயங்குதளத்தின் அடித்தளத்தில் கலத்தல் என்று ஒரு தனி வேலை இல்லை. ஒவ்வொரு நிரலும் தன் விருப்பப்படி அதைக் கட்டிக்கொள்கிறது. நிரலுக்கு நிரல் முடிவு மாறுவதன் வேர் இங்கே இருக்கிறது.

அடியில் இன்னொரு வேற்றுமையும் உண்டு. கோப்புறை என்பது ஒரு பெட்டியா, முகவரியா? முகவரி என்றால், அந்த முகவரிக்கு வருகிறவை ஏற்கெனவே இருப்பவற்றோடு போய்ச் சேர வேண்டும். விண்டோஸ் இப்படிப் பார்க்கிறது. பெட்டி என்றால், ஒரு பெட்டி இருந்த இடத்தில் இன்னொரு பெட்டியை வைக்கும்போது முதல் பெட்டியை எடுத்துவிட வேண்டும். மேக் இப்படிப் பார்க்கிறது, அதற்கு அங்கே நியாயமும் உண்டு. மேக்கில் நாம் ஒரே சின்னமாகப் பார்க்கும் செயலி உண்மையில் ஒரு கோப்புறை. அதற்குள் நூற்றுக்கணக்கில் கோப்புகள் இருக்கலாம். ஒரு செயலியின் புதிய பதிப்பை `Applications` கோப்புறைக்குள் இழுத்துவிடும்போது பழைய பதிப்போடு கலந்துவிட்டால், புதிய பதிப்பு கைவிட்ட கோப்புகளும் உள்ளே தங்கிவிடும். பழையதுமில்லாத, புதியதுமில்லாத ஏதோ ஒன்று ஓடத் தொடங்கும். அங்கே மாற்றிவைப்பதுதான் சரி. கூகுள் டிரைவ் இந்த இரண்டையும் சேராத மூன்றாவது இனம். அதில் கோப்புறைக்கு அடையாளம் அதன் பெயர் அல்ல, உள்ளே கொடுக்கப்படும் ஓர் அடையாளக் குறி. அதனால் ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ அது இடம் தருகிறது.

எனவே எந்தக் கணினி செய்வது சரி என்று கேட்பதை விட, இந்தக் கோப்புறையில் இருப்பது எத்தகையது என்று கேட்பதுதான் பயன் தரும். பலரும் பல நாளாகச் சேர்த்துவந்த தொகுப்பு என்றால் கலக்க வேண்டும். ஒரே நேரத்தில், ஒரே கையால், முழுமையாக வெளியிடப்பட்டது என்றால் மாற்றிவைக்க வேண்டும். இந்த இரண்டு தேவையும் ஒரே வேலையில் சேர்ந்து வருவதை வேர்ட்பிரஸ் தளத்தைக் கையால் மேம்படுத்துகிறவர்கள் நேரில் காணலாம். புதிய பதிப்பைப் பிரித்தால் `wp-admin`, `wp-includes`, `wp-content` என்று மூன்று கோப்புறைகள் இருக்கும். இதே பெயர்களில் வழங்கியிலும் மூன்று இருக்கும். முதல் இரண்டும் முழுக்க வேர்ட்பிரஸின் சொந்தச் சரக்கு. பழையவற்றை நீக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்றச் சொல்கிறது அதன் கையேடு. மூன்றாவதில்தான் நாம் ஏற்றிய படங்களும் செருகுநிரல்களும் தோற்றங்களும் இருக்கின்றன. அதை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது, உள்ளே உள்ள கோப்புகளைத் தனித்தனியாக மேலெழுத வேண்டும் என்கிறது. மூன்றையும் கலக்கிற பழக்கம் உள்ளவரிடம் முதல் இரண்டிலும் பழைய கோப்புகள் தங்கிவிடும். மூன்றையும் மாற்றிவைக்கிற பழக்கம் உள்ளவர் தன் தளத்தின் படங்கள் அனைத்தையும் இழப்பார்.

கலத்தலின் இன்னொரு முகம் என்று முன்பு சொன்னது இதைத்தான். கலத்தல் எதையும் நீக்காது, நீக்க வேண்டியதையும் நீக்காது. வேர்ட்பிரஸின் தானியங்கி மேம்பாட்டு நிரலைத் திறந்து பார்த்தால் `$_old_files` என்ற பெயரில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். முந்தைய பதிப்புகளில் இருந்து பின்னர் கைவிடப்பட்ட கோப்புகளின் பெயர்கள் அவை. புதியவற்றைப் பழையவற்றின் மேல் நகலெடுத்த பிறகு, இந்தப் பட்டியலில் உள்ளவற்றை அந்த நிரல் தேடிப் பிடித்து அழிக்கிறது. மேலெழுதினால் மட்டும் மேம்பாடு முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கைவிடப்பட்ட பழைய கோப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால், தளத்தின் உரிமையாளர் புதிய பதிப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதும் அந்த ஓட்டை வழங்கியில் திறந்தே கிடக்கும்.

மலருக்குத் திரும்புவோம். அங்கே எது புதியது என்பதைத் தேதியை வைத்து முடிவுசெய்யலாம் என்று தோன்றும். `cp -ru` என்று அடித்தால், வரும் கோப்பு இலக்கில் இல்லாவிட்டாலோ, அங்கே இருப்பதை விடப் புதியதாக இருந்தாலோ மட்டும் எழுதும். நம் நான்கு கோப்புகளும் சரியாக வந்து சேரும். ஆனால் தேதியை நம்புவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. லினக்ஸில் `cp -r` மட்டும் அடித்தால், நகலின் தேதி நகலெடுத்த நேரமாகிவிடும். போன வாரத்துத் தலையங்கத்தை ஒருவர் நேற்று மாலை ஒரு பென்டிரைவ் வழியாக அப்படிக் கொண்டுவந்திருந்தால், அது நேற்று மாலை எழுதியதுபோலக் கணினிக்குத் தெரியும். நேற்று நண்பகலில் ஒருவர் செய்த உண்மையான திருத்தத்தை, `-u` இருந்தும், அது அழித்துவிடும். தேதி அப்படியே நிலைக்க வேண்டுமென்றால் `cp -a` வேண்டும். விண்டோஸின் கோப்பு மேலாளர் நகலெடுக்கும்போது திருத்திய தேதியைக் காப்பாற்றுகிறது. பென்டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபேட் வடிவமைப்பிலோ, திருத்திய நேரம் 2 விநாடி இடைவெளியில்தான் பதிவாகும். மாறாத கோப்பும் ஒரு விநாடி வேறுபட்டு, மாறியதுபோலத் தோன்ற இது போதும். இதற்காகவே `robocopy`யில் `/FFT` என்றும் `rsync`இல் `--modify-window=1` என்றும் விட்டுக்கொடுக்கும் வழிகள் வைத்திருக்கிறார்கள்.

`robocopy`யைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸோடு வரும் இந்தக் கருவி, எதுவும் சொல்லாவிட்டால், நேரமோ அளவோ மாறியிருந்தால் நகலெடுக்கும். வரும் கோப்பு பழையதாக இருந்தாலும் நகலெடுக்கும். பழையது புதியதை அழிக்காமல் தடுக்க `/XO` சேர்க்க வேண்டும். பலர் இணையத்தில் பார்த்து அடிக்கும் `/MIR`, இலக்கை மூலத்தின் அச்சாக ஆக்குவது. மூலத்தில் இல்லாத விளம்பரத்தை அது இலக்கிலிருந்து நீக்கிவிடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் `/L` சேர்த்து ஓட்டலாம். என்ன நடக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது.

லினக்ஸிலும் மேக்கிலும், நகலெடுக்கும் முன் இரண்டு கோப்புறைகளையும் ஒப்பிட `diff` போதும். நம் மலருக்கு அது இப்படிக் காட்டும்:

```
$ diff -rq malar /mnt/usb/malar
Files malar/attai.jpg and /mnt/usb/malar/attai.jpg differ
Only in malar: sirukathai.docx
Files malar/thalaiyangam.docx and /mnt/usb/malar/thalaiyangam.docx differ
Only in /mnt/usb/malar: vilambaram.pdf
```

இந்த நான்கு வரிகளில் நிலைமை முழுவதும் இருக்கிறது. `Only in` என்று இலக்கைக் காட்டும் வரி, மாற்றிவைத்தால் எது போகும் என்று சொல்கிறது. `differ` என்ற வரிகள், கலந்தால் எங்கே ஒன்று மற்றதை அழிக்கும் என்று சொல்கின்றன. மனிதர் பார்த்து முடிவெடுக்க வேண்டியவை `differ` வரிகள் மட்டும்தான். தலையங்கம் போன்ற எழுத்துப் பிரதியில் இரண்டு பக்கமும் திருத்தம் நடந்திருந்தால், எது புதியது என்ற கேள்விக்கே பொருளில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு படித்துச் சேர்க்க வேண்டியதுதான். அதை எந்த நகல் கருவியும் செய்யாது.

நகலெடுக்க நான் பரிந்துரைப்பது `rsync`. ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கராசும் எழுதி 1996-இல் வெளியான கருவி இது. இதிலும் சாய்கோட்டுக்குப் பொருள் உண்டு, ஆனால் இலக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அது மாறாது. `malar/` என்றால் உள்ளடக்கம், `malar` என்றால் கோப்புறையே.

```
rsync -aniu malar/ /mnt/usb/malar/
```

இதில் `n` இருப்பதால் வெறும் ஒத்திகை மட்டும் நடக்கும், மாறப்போகிற கோப்புகள் வரிவரியாகத் தெரியும். `u` இருப்பதால் இலக்கில் புதிதாக உள்ள தலையங்கத்தை விட்டுவிடும். பட்டியல் சரியாக இருந்தால் `n`-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். மேலெழுதும் முறையிலும் இது கவனமானது. `cp` இருக்கும் கோப்பைத் திறந்து, வெறுமையாக்கி, அதன் மேல் எழுதத் தொடங்கும். பாதியில் வன்தட்டின் கம்பி கழன்றால் பழையதும் இருக்காது, புதியதும் முழுதாக இருக்காது. `rsync` ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி முடித்த பிறகுதான் பழைய பெயருக்கு மாற்றும்.

இவ்வளவு நேரமும் இரண்டு கோப்புறைகளுக்கும் ஒரே பெயர் என்று எடுத்துக்கொண்டே பேசினோம். பெயர் ஒன்றுதானா என்பதைக் கணினிகள் ஒரே மாதிரி முடிவுசெய்வதில்லை. லினக்ஸில் `Malar`, `malar` இரண்டும் வேறு வேறு. விண்டோஸுக்குக் கொண்டுபோனால் இரண்டும் ஒன்று, அதனால் கலந்துவிடும். இது பலருக்கும் தெரிந்தது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வரும் சிக்கல் அவ்வளவாகத் தெரியாதது.

பொங்கல் என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைக்கிறோம். அதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். U+0BCA என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்புக்கு U+0BC6, காலுக்கு U+0BBE என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும்கூட இப்படியே. திரையில் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவமைப்பு, நாம் எப்படித் தட்டச்சு செய்தாலும், பெயரைப் பிரித்தே பதிந்து வைக்கும். விண்டோஸும் லினக்ஸும் வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும், இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கருதும். எனவே பழைய மேக் தட்டிலிருந்து வந்த பொங்கல் கோப்புறையை, விண்டோஸில் தட்டச்சு செய்த பொங்கல் கோப்புறை இருக்கிற இடத்தில் ஒட்டினால் கலத்தலும் இல்லை, மேலெழுதலும் இல்லை, கேள்வியும் இல்லை. கண்ணுக்கு ஒரே பெயருள்ள இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். மலர் என்ற பெயரில் இந்தக் குறிகள் இல்லாததால் அதற்கு இந்தச் சிக்கல் வராது. தேர்தல், கோயில், தொகுப்பு போன்ற பெயர்களில் எந்த எழுத்துக்கு வரும், எதற்கு வராது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். தேர்தலின் ஏகாரம் பிரியாது, கோயிலின் ஓகாரம் பிரியும்.

ஐயம் வந்தால் பெயரைப் பைட்டுகளாகப் பார்ப்பதே வழி. லினக்ஸில் அந்தக் கோப்புறைகள் இருக்கும் இடத்தில் நின்று இதை அடிக்கலாம்:

```
ls | od -An -tx1
```

பொங்கலின் முதல் எழுத்து `e0 ae aa e0 af 8a` என்று இருந்தால் சேர்த்து எழுதியது. `e0 ae aa e0 af 86 e0 ae be` என்று இருந்தால் பிரித்து எழுதியது. ஒரே ஒரு கோப்புறை, அதுவும் பிரித்து எழுதியது என்றால் `convmv` என்ற கருவி பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தரும். `--notest` சேர்க்கும்வரை அது செய்யப்போவதைக் காட்டுமே தவிர எதையும் மாற்றாது.

```
convmv -r -f utf8 -t utf8 --nfc .
```

இரண்டு வடிவமும் ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது, மாறப்போகும் பெயர்தான் ஏற்கெனவே இருக்கிறதே. முதலில் ஒன்றைத் தற்காலிகமாக `pazhaya` என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களும் ஒரே வடிவத்துக்கு வர, இரண்டு கோப்புறைகளின் மேலும் `convmv`-ஐ ஓட்ட வேண்டும். அதன் பின் `rsync -a --ignore-existing pazhaya/` என்று தொடங்கி மற்றதை இலக்காகக் கொடுத்தால், அங்கே இல்லாதவை மட்டும் போய்ச் சேரும், இருப்பவை எதுவும் மாறாது. இப்போது `diff -rq` ஓட்டினால், `pazhaya`வில் மட்டும் இருப்பதாக ஒரு வரியும் வரக் கூடாது. மீதமிருக்கும் `differ` வரிகளில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எது வேண்டும் என்று முடிவுசெய்த பிறகு `pazhaya`வை நீக்கலாம்.